சனிக்கிழமை வரிசையில் ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் முப்பிடாதியம்மாளுக்கென்று ஒரு மணி நேரம் இருந்தது. நானும் மந்திரமூர்த்தி அண்ணாச்சியும் சேர்ந்து, நல்ல எண்ணத்தோடுதான், அதைப் பிடுங்கப் பார்த்தோம். நல்ல எண்ணம் என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

என் பெயர் வடிவாம்பாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ஊறுகாயும் புளிக்கரைசலும் செய்கிற கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. முந்நூறு பேர் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பார்த்துச் சம்பளப் பிரிவுக்குச் சொல்வது என் வேலை. என்னைப் பார்த்தாலே ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் உண்மை. டைம் ஆபீசில் உட்கார்ந்து தன்மையாகப் பேசினால் ஒரு பயலும் நேரத்துக்கு வரமாட்டான்.

அந்த ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த நேரத்தில், எனக்கு ஒரு உதவியாளரைப் போட்டார்கள். சின்னப் பையன் யாரையாவது அனுப்புவார்கள் என்று பார்த்தால், மீசையும் பளபளக்கிற கறுப்பு ஷூவுமாக என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் வந்து நின்றார். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மந்திரமூர்த்தி. சொந்த ஊர் அச்சன்புதூர்.

"குட்மார்னிங் மேடம்" என்று விறைப்பாக நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி. இங்கன சல்யூட்டெல்லாம் வேண்டாம்" என்றேன்.

முதல் நாளே கம்ப்யூட்டரில் ஒரு மாதத்துப் பஞ்ச் விவரத்தைத் திறந்து காட்டினேன். கேட்டில் இருக்கிற மெஷினில் விரலை வைத்தால் நேரம் பதிவாகும். வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று. அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

"இதப் பாருங்க. இந்தப் பிள்ள சனிக்கிழம ராத்திரி ஒம்போது அம்பதுக்கு வந்திருக்கா. வெளிய போனது எங்க?"

அவர் தேடினார். "சனிக்கிழம வெளிய போன பஞ்ச் இல்ல. ஞாயித்துக்கிழம காலைல ஆறு அஞ்சுக்கு ஒண்ணு கிடக்கு. ஆனா அன்னைக்கு உள்ள வந்த பஞ்ச் இல்லியே."

"அதான் முதப் பாடம். நைட் ஷிப்ட் பத்துல இருந்து ஆறு. நடுராத்திரில தேதி மாறும், ஷிப்ட் மாறாது. ஷிப்ட் எந்தத் தேதில தொடங்குச்சோ அந்தத் தேதிலதான் மொத்த நேரமும் ஏறும். ஞாயித்துக்கிழம விடியக்காலம் போனாலும் அது சனிக்கிழம வரிசைலதான் நிக்கும். இத மறந்தா ஒரே ஆளுக்குச் சனிக்கிழம அரை நாள் லீவு, ஞாயித்துக்கிழம அரை நாள் லீவுன்னு போட்டு அவ வயித்துல அடிச்சிருவீங்க."

அவர் ஒரு பழைய டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். ராணுவத்தில் எதையும் எழுதாமல் விடமாட்டார்களாம்.

அடுத்து நைட் அலவன்ஸ். எங்கள் கம்பெனியில் ஓர் இரவுக்கு எண்பது ரூபாய். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். மத்தியான ஷிப்டில் வந்தவன் பாட்டில் லோடு ஏற்ற பன்னிரண்டு மணிவரை நின்றால் அவனுக்கு ஓவர்டைம் உண்டு, நைட் அலவன்ஸ் கிடையாது. இரண்டையும் குழப்பக் கூடாது.

"ஓவர்டைம் எப்படி மேடம்?"

"மாசச் சம்பளத்த, அடிப்படையும் படிகளும் சேத்து, இருவத்தாறால வகுங்க. ஒரு நாள் கூலி. அத எட்டால வகுங்க. ஒரு மணி நேரக் கூலி. அத ரெண்டால பெருக்குங்க. ஓவர்டைமுன்னா ரெட்டைக் கூலி, அது சட்டம். பதினஞ்சாயிரத்து அறுநூறு வாங்குற ஆளுக்கு நாளுக்கு அறுநூறு, மணிக்கு எழுபத்தஞ்சு, ஓ.டி.ன்னா நூத்தம்பது."

"சரி. அப்ப ஷிப்ட் முடிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் உள்ள இருக்காங்களோ அதெல்லாம் ஓ.டி."

"அங்கதான் தப்பு பண்ணுவீங்க" என்றேன். "உள்ள இருந்தா மட்டும் போதாது அண்ணாச்சி, வேலை பாத்திருக்கணும். சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட ஓ.டி. சீட்டு வரும். சீட்டையும் பஞ்சையும் ஒத்துப் பாப்போம், ரெண்டுல எது குறைவோ அதான் கணக்கு. அதேபோல ஷிப்டுக்கு முந்தி வந்தா அந்த நேரமும் கணக்கில்ல. எட்டு மணி ஷிப்டுக்கு ஆறு மணிக்கே வந்து உக்காந்தாலும் எட்டுல இருந்துதான்."

"சீட்டு இல்லாம வேலை வாங்கியிருந்தா?"

நல்ல கேள்வி. "வாங்கியிருந்தா காசு குடுத்துத்தான் ஆகணும். சீட்டு எழுதாதது சூப்பர்வைசர் தப்பு, வேலை பாத்தவ தப்பில்ல" என்று சொன்னேன். அதை அவர் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர் வருவதாக இருந்தது. ஆட்களை அளவுக்கு மீறி வேலை வாங்குகிறோமா என்று பஞ்ச் விவரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்காகச் சீட்டே இல்லாமல் நேரம் கழித்துப் போனவர்கள், மிகச் சீக்கிரம் வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லியிருந்தேன். எங்களுக்கே அது முதல் தடவை. அதுவரை சீட்டு வந்தால் பஞ்சைப் பார்ப்போம், சீட்டு வராதவர்களின் மிச்ச நேரத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி பட்டியல் எடுத்தார். பாட்டில் பேக்கிங் முப்பிடாதியம்மாள், நிரந்தர நைட் ஷிப்ட், ஆறு மணிக்கு முடிகிற வேலைக்கு ஏழு மணிக்கு வெளியே போயிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதம் முழுக்க. ஓ.டி. சீட்டு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சிக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஒரு பொம்பளையைத் தினமும் ஒரு மணி நேரம் சும்மா வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, இரட்டைக் கூலி போட்டு, மூவாயிரம் ரூபாய் பாக்கி என்று குறிப்பும் எழுதி, எனக்குக் காட்டாமல் நேரே மேனேஜர் பென்னி சாருக்கு அனுப்பிவிட்டார்.

பென்னி சார் கெட்டவர் இல்லை. ஆனால் ஆடிட் நெருங்குகிற நேரத்தில் யாரும் அவ்வளவு நல்லவராக இருப்பதும் இல்லை. ஆடிட்டுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்த வியாழக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இந்த அம்மா வேலை பாத்தாங்களா, இல்லையா?" என்றார். "பாத்திருந்தா காசு குடுத்துருவோம். ஆனா சீட்டு இல்லாம தினம் ஏன் வேலை வாங்குனீங்கன்னு ஆடிட்டர் கேப்பான், அந்த சூப்பர்வைசர் மாட்டுவான். பாக்கலன்னா உள்ள என்ன பண்றாங்க? பஞ்ச் ஆகாம இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் வேலை நேரம்னுதான் அவன் எடுத்துக்குவான். திங்கக்கிழமையில இருந்து செக்யூரிட்டி ஆறேகாலுக்கு எல்லாரையும் பஞ்ச் அடிக்க வச்சு வண்டில ஏத்திரணும். அந்த அம்மாவக் கேட்டு எழுதி வாங்குங்க."

வெளியே வந்ததும் அண்ணாச்சியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "பட்டியல என்கிட்ட காட்டிட்டுல்லா மேல அனுப்பணும்? மேஜர் ஜெனரலுக்கு நேரா ரிப்போர்ட் குடுத்தாச்சோ?"

"நியாயமான காசு மேடம்" என்றார், அசையாமல்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே இரண்டு பேரும் வந்து கேட்டருகே நின்றோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் கேட்டை ஒட்டி இடது பக்கம் கேண்டீன். வேலை நடக்கிற கட்டிடம் அதையும் தாண்டி உள்ளே. பஞ்ச் மெஷின் கேட்டில்தான். பஞ்ச் அடித்துவிட்டால் உள்ளே நிற்கக் கூடாது. அதிலும் இரவு வேலை பார்த்த பெண்களைக் கம்பெனி வேனில் வீடு சேர்க்க வேண்டும், ரோட்டில் விடக்கூடாது என்பது விதி. ஆறேகாலுக்கு ஒரு வேன் கிளம்பும். ஏழு மணிக்கு எட்டு மணி ஷிப்ட் ஆட்களை ஏற்றிவர இன்னொரு வேன் ஆய்க்குடிப் பக்கம் காலியாகப் போகும். முப்பிடாதியம்மாள் அந்தக் காலி வேனில்தான் போவாள்.

ஏழு மணிக்குச் சற்று முன் அவள் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூந்தல் வலை இன்னும் தலையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, பயப்படாதீங்க" என்றேன். "ஆறு மணிக்கு மேல உங்கள யாரு வேலை பாக்கச் சொன்னா? அத மட்டும் சொல்லுங்க."

"யாரும் சொல்லல மேடம். நான் வேலை பாக்கல."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பயந்துக்கிட்டு மறைக்காதம்மா. மூவாயிரம் ரூவா உனக்கு வரணும். சூப்பர்வைசர் சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லு."

"எனக்கு அந்தக் காசு வேண்டாம் சார். பாக்காத வேலைக்குக் காசு வாங்கி எந்த வீடு விளங்கும்?"

"அப்ப ஒரு மணி நேரம் உள்ள என்னக்கா செய்தீங்க?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். திங்கட்கிழமை முதல் ஆறேகால் வண்டியில் போய்விட வேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், என் மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. சம்பளத்துல பிடிக்கணும்னாலும் பிடிங்க. அந்த நேரத்த மட்டும் எடுத்துராதீங்க."

அதற்குள் வேன் டிரைவர் ஒலி முகம்மது ஹாரன் அடித்துவிட்டார். அவள் பஞ்ச் அடித்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் கூடுதல் காசு கேட்டு என்னிடம் சண்டை போட்டவர்கள் ஏராளம். காசு வேண்டாம், நேரம் வேண்டும் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது அண்ணாச்சி இரண்டு காகிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தாமதமாப் போனவங்க பட்டியல்ல இந்தம்மா ஒரு ஆளுதான். சீக்கிரமா வந்தவங்க பட்டியல்லயும் ஒரே ஒரு ஆளு. பாய்லர் செக்ஷன் பிச்சைமணி. எட்டு மணி வேலைக்கு ஆறு பத்துக்கே வந்திருதாரு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு நாள் வாரியா ஒத்துப் பாத்தேன். சேரல. இந்தம்மா சனிக்கிழம நேரத்துக்குப் போயிருக்கு, அந்தாளு அன்னைக்கும் சீக்கிரம் வந்திருக்காரு. புதன்கிழம இந்தம்மா லேட்டு, அந்தாளு அன்னைக்கு மட்டும் எட்டுக்குச் சரியா வாராரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நிறுத்திவிட்டார். டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பிறகு ஒரு காகிதத்தை மெல்ல ஒரு வரி கீழே இழுத்து வைத்தார்.

"சனிக்கிழம வரிசைல நிக்கது ஞாயித்துக்கிழம காலை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்தாளுக்கு ஞாயித்துக்கிழம லீவு. அதனால அன்னைக்கு இந்தம்மா ஆறு மணிக்கே வண்டியேறிருது. இந்தம்மாவுக்கு செவ்வாய் ராத்திரி லீவு, அப்ப புதன் காலைல இது இங்கன இல்ல. அன்னைக்கு மட்டும் அவரு அவசரப்படாம வாராரு. மத்த நாளெல்லாம் அவரு வந்த பிறகுதான் இது போகுது. யாரு மேடம் இந்தப் பிச்சைமணி?"

நான் உட்கார்ந்துவிட்டேன். "அவ வீட்டுக்காரரு அண்ணாச்சி."

எனக்குத் தெரிந்ததுதான். வேலையில் சேரும்போது நானே எழுதிய விவரம். ஆனால் அவர் பகல், அவள் இரவு என்று இரண்டு வேறு பக்கங்களில் இருந்தவர்களை நான் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. அவர் நாலரைக்கு வேலை முடிந்ததும் நேரே குற்றாலம் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடைக்குப் போய்விடுவார், இரவு பத்து மணிவரை அங்கே வேலை. அவர் வீடு திரும்பும்போது அவள் வேனில் ஏறிப் போயிருப்பாள். படுத்த படுக்கையாக மாமனார். காலையில் மகள் காலேஜுக்குக் கிளம்பும்வரை தாத்தாவைப் பார்த்துக்கொள்வாள், அதற்குள் முப்பிடாதியம்மாள் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் அவள் நிரந்தர நைட் ஷிப்ட் கேட்டு வந்தபோது என்னிடம் சொன்ன காரணங்கள். மகளின் நர்சிங் படிப்புக்கு நைட் அலவன்ஸ் உதவும் என்றும் சொன்னாள். புருஷனை எப்போது பார்ப்பாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜம்முவுல இருக்கையில எஸ்.டி.டி. பூத்துல வரிசைல நிப்போம். முறை வந்து பேசுனா மூணு நிமிஷத்துல பின்னால நிக்கவன் செருமுவான். நான் என்ன பண்ணிட்டேன் மேடம்? இந்தப் பிள்ளைக்குப் பின்னால போயி நின்னு செருமிட்டேன்."

அவரைத் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கேண்டீனுக்குப் போனோம். உளவு பார்க்கிற மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது. கேண்டீனின் கடைசி பெஞ்சில் அவர்கள் இருந்தார்கள். முந்தின இரவு கடையில் கொடுத்த இரண்டு புரோட்டாவைப் பிச்சைமணி பாய்லர் ஸ்டீம் பைப்பின் மேல் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தார். பாதிதான் தின்றிருந்தாள். மீதி இலையில் கிடந்தது. அவள் அவருடைய தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போயிருந்தாள். அவர் ஒரு பாட்டில் அட்டையைக் கிழித்து, அவள் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். அவர் டீ பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. கையை நீட்டினால் தோள் அசையும் என்று எடுக்காமல் விட்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் எழப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

"மேடம், வேற ஒண்ணுமில்ல" என்றார், மூச்சுக்குள். "வீட்டுக்குப் போனா அவளுக்கு மத்தியானம் வரைக்கும் வேலை. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. இங்கன ஒரு அரை மணி நேரம் தூங்குவா. பாதி நாள் பேசவே மாட்டோம். இந்த வயசுல இதப் போயி சொன்னா சிரிப்பாவன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

"யாரு சிரிப்பா? நான் இருக்கேன், பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி மிலிட்டரி ரகசியக் குரலில் சொன்னார். அந்தக் குரலுக்கு முப்பிடாதியம்மாள் விழிக்காதது ஆச்சரியம்தான்.

வெளியே வந்து சாரலில் நின்று யோசித்தேன். பென்னி சாரிடம் போய், சார், அவர்கள் புருஷன் பெண்டாட்டி, பாவம் என்று சொல்லலாம். அவரும் பாவம் என்பார். ஆடிட்டரின் காகிதத்தில் பாவம் என்று எழுத இடம் இல்லை. பஞ்ச் அடித்தால் வேனில் ஏற்றிவிடுவார்கள். அடிக்காவிட்டால் அது வேலை நேரம். எப்படிப் பார்த்தாலும் அந்தச் சனியன் பிடித்த மெஷின் குறுக்கே வருகிறது என்று திரும்பி மெஷினைப் பார்த்தேன். கேட்டில் இருந்தது. கேண்டீன் அதற்கு உள்ளே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பென்னி சார் வந்ததும் இரண்டு பேரும் போய் நின்றோம்.

"சார், தப்பு அந்தம்மா மேல இல்ல, மெஷின் நிக்கிற இடத்துல. கேட்டுல பஞ்ச் வச்சா கேண்டீன்ல டீ குடிக்கிற நேரங்கூட வேலை நேரமாத்தான் பதிவாகுது. ஆடிட்டர் கேக்கது வேலை நேரத்தத்தான? மெஷினப் பிடுங்கி வேலை நடக்கிற கட்டிடத்து வாசல்ல மாட்டுவோம். வேலை முடிஞ்சு வெளிய வந்தா பஞ்ச். அதுக்குப் பிறகு கேண்டீன்ல உக்காரது அவங்க பாடு."

அவர் யோசித்தார். "பொம்பளைங்க வண்டி?"

"ஆறேகால் வண்டியோ ஏழு மணி வண்டியோ, எதுல போனாலும் டிரிப் ஷீட்ல பேரு இருக்கும். டிரைவர் ஒலி முகம்மது கையெழுத்து போடுவாரு."

"எல்லாரும் கத்துவாங்களே வடிவாம்பாள். இத்தன நாளும் கேட்டுல நேரத்துக்குப் பஞ்ச் அடிச்சிட்டு, டீ குடிச்சிட்டு ஆற அமர உள்ள போறவங்கதான் பாதிப் பேரு." அவர் சிரித்தார். "நீங்களே அந்த ரகந்தானே. எட்டு இருபத்தொம்பதுக்குப் பஞ்ச், எட்டே முக்காலுக்கு நாற்காலி."

இது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

"போகட்டும் சார். இனி டீ குடிச்சிட்டுப் பஞ்ச் அடிச்சிக்கிடுதேன்" என்றேன்.

"அந்தம்மா அந்த நேரத்துல என்ன பண்றாங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"வேலை பாக்கல சார். விசாரிச்சாச்சு" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார். "மூவாயிரம் பாக்கின்னு நான் போட்ட குறிப்பு தப்பு. வாபஸ் வாங்கிக்கிடுதேன் சார்." பென்னி சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். நான் சொன்னேனே, அவர் கெட்டவர் இல்லை.

திங்கட்கிழமை காலை மெஷின் புது இடத்தில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் ஆறு மணிக்கே வந்துவிட்டேன். என் சொந்த விருப்பத்துக்கு வந்ததால் பஞ்ச் அடிக்கவில்லை. நைட் ஷிப்ட் பெண்கள் கட்டிட வாசலில் ஒவ்வொருவராக விரல் வைத்துவிட்டு வேனுக்கு ஓடினார்கள். கடைசியாக முப்பிடாதியம்மாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை, ஆறேகாலுக்குப் போய்விட வேண்டும் என்று நான் சொன்னதுதான் அவள் காதில் கடைசியாக விழுந்தது. விரலை வைத்தாள். மெஷின் கீச்சென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க?" என்றேன்.

"நீங்கதான மேடம் ஆறேகால் வண்டில போகச் சொன்னீங்க. பஞ்ச் அடிச்சாச்சு."

"பஞ்ச் அடிச்சாச்சுல்லா? அப்ப உங்க வேலை முடிஞ்சுது. இனிமே கேண்டீன் பஞ்சுக்கு வெளியதான் இருக்கு. ஏழு மணி வண்டில உங்க பேரு எழுதிட்டேன். யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டா."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் எலுமிச்சை ஊறுகாய் வாசம் அடித்தது. கேண்டீன் வாசலில் பிச்சைமணி பொட்டலத்தோடு நின்றார், வருவாளோ மாட்டாளோ என்று. அவள் அவரைப் பார்த்து வேகமாக நடந்தாள். இத்தனை வருடத்தில் அவள் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டைம் ஆபீஸ்காரி அழுதாள் என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு நாறிவிடும் என்பதால் சாரலில் போய் நின்றுகொண்டேன்.

பிறகு எட்டேகால் வரைக்கும் அங்கே இங்கே சுற்றி, டீயும் குடித்துவிட்டு, பஞ்ச் அடிக்கப் போனேன். மெஷின் இப்போது கட்டிட வாசலில், டைம் ஆபீஸ் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. உள்ளே அண்ணாச்சி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் போட்டேன்... சாப்பிட்டியா?... என்ன சட்னி?... இல்லட்டி, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா பேசணும்னு தோணுச்சு... நீ சொல்லு, நான் கேக்கேன்."

விரலை வைத்தால் மெஷின் கீச்சென்று கத்தும். அவர் சட்டென்று போனை வைத்துவிடுவார். நான் விரலைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் மனைவிக்குப் பேச நிறைய இருந்தது போல. அவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். செருமக்கூட இல்லை நான்.

அவர் பேசி முடித்த பிறகு விரலை வைத்துவிட்டு உள்ளே போனபோது அவர் பட்டியலைத் திரையில் வைத்திருந்தார். முப்பிடாதியம்மாள், ஞாயிற்றுக்கிழமை வரிசையில், வெளியே ஆறு நாலு. பிச்சைமணி, திங்கட்கிழமை வரிசையில், உள்ளே ஏழு ஐம்பத்திரண்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை.

"பட்டியல் காலி மேடம்" என்றார் சந்தோஷமாக. பிறகு முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு ஆளு தவிர. எட்டரைக்கு மேல கிரேஸ் அஞ்சு நிமிஷம் விட்டாலும், நீங்க இன்னைக்கு லேட்டு."

"எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றேன்.